கற்றல் வீதம் 0.1 ஆ, 0.6 ஆ? கிரேடியன்ட் டிசென்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“கிரேடியன்ட் டிசென்ட் எதைத் தேடுகிறது? இழப்பு என்பது என்ன?”

ஒரு மாதிரியில் நமக்குத் தெரியாத எண் ஒன்று இருக்கும். அதற்கு எந்தப் பெறுமானத்தைக் கொடுத்தால் மாதிரியின் கணிப்பு அளந்த தரவுக்கு மிக அருகில் வருமோ, அந்தப் பெறுமானமே தேடப்படுகிறது. கணிப்பு தரவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை ஒரே எண்ணாகச் சொல்வது இழப்பு.

மலையகத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்த ஒரு விடயத்தையே இந்தப் பக்கம் முழுவதற்கும் எடுத்துக்கொள்கிறேன். கடல் மட்டத்திலிருந்து மேலே ஏற ஏறக் குளிர் கூடுகிறது. கரையோரத்தில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை அண்ணளவாக 27.5 பாகை செல்சியஸ். ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் அது 24.5 பாகை, 1200 மீற்றர் அளவிலுள்ள பண்டாரவளையில் 20 பாகை, 1900 மீற்றரை நெருங்கும் நுவரெலியாவில் 16 பாகை. கையால் கணக்கிடுவதற்கு இலகுவாக இருக்கட்டும் என்று உயரங்களையும் வெப்பநிலைகளையும் முழுமையாக்கி எழுதியிருக்கிறேன். கரையோரத்தோடு ஒப்பிட்டால் இம்மூன்று ஊர்களிலும் வெப்பநிலை முறையே 3, 7.5, 11.5 பாகை குறைந்திருக்கிறது.

ஒரு கிலோமீற்றர் ஏறினால் எத்தனை பாகை குறையும் என்பதே நமக்குத் தெரியாத எண். அதை `w` என்று வைத்துக்கொண்டால், `h` கிலோமீற்றர் உயரத்திலுள்ள ஊரில் வெப்பநிலை `w × h` பாகை குறையும் என்று மாதிரி கணிக்கும். மூன்று ஊர்களிலும் கணிப்புக்கும் உண்மைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை வர்க்கித்து, அம்மூன்று வர்க்கங்களின் சராசரியை எடுத்தால் இழப்பு கிடைக்கும். `w = 0` என்று தொடங்கினால், அதாவது உயரத்தால் எந்தக் குளிரும் வராது என்று மாதிரி சொன்னால், இழப்பு 65.83. `w` ஐ மாற்ற மாற்ற இந்த எண் மாறும். வரைபில் அது ஒரு பரவளைவாக அமையும். அந்தப் பரவளைவின் அடிப்புள்ளியைத்தான் நாம் தேடிப் போகிறோம்.

“அடிப்புள்ளி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கணினிக்கு எப்படித் தெரியும்?”

கணினிக்கு முழுப் பரவளைவும் தெரியாது. தற்போது நிற்கும் `w` இல் வளையியின் படித்திறனை மட்டும் அது கணக்கிடும். சாதாரண தரக் கணிதத்தில் நேர்கோட்டுக்குக் கண்ட அதே படித்திறன்தான் இது; வளையிக்கு அதைப் பெற வகையீடு தேவைப்படுகிறது. நம் உதாரணத்தில் இழப்பை `w` சார்பாக வகையிட்டால் கிடைப்பது:

```
g = 3.533 * w - 21.567
```

இதிலுள்ள 3.533 மூன்று உயரங்களின் வர்க்கங்களிலிருந்து வருகிறது. 0.25, 1.44, 3.61 ஆகியவற்றின் சராசரி 1.767, அதை இரண்டால் பெருக்கினால் 3.533. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கற்றல் வீதத்தைப் பற்றிய கேள்விகள் எல்லாம் இதையே சுற்றி வரும்.

`w = 0` இல் படித்திறன் −21.567. மறை எண் என்பதால், `w` ஐக் கூட்டினால் இழப்பு குறையும் என்று பொருள். எனவே படித்திறனுக்கு எதிர்த் திசையில் நகர வேண்டும். எவ்வளவு தூரம் நகர்வது என்பதைத் தீர்மானிக்க, படித்திறனை ஒரு சிறிய எண்ணால் பெருக்குகிறோம். அந்த எண்ணே கற்றல் வீதம். அதை 0.1 என்று வைத்தால் புதிய `w` = 0 + 0.1 × 21.567 = 2.157. அங்கே இழப்பு 65.83 இலிருந்து 27.54 ஆக இறங்கிவிடுகிறது. அங்கிருந்து மறுபடியும் படித்திறனைக் கணக்கிட்டு, மறுபடியும் நகர வேண்டும். முறை முழுவதும் இவ்வளவுதான். 1847 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி எழுதி வைத்த காலத்திலிருந்து இதன் அடிப்படை மாறவில்லை.

கணினியில் ஓட்டிப் பார்க்க விரும்புவோருக்கு, கற்றல் வீதத்தை `eta` என்று எழுதியிருக்கிறேன்:

```python
h = [0.5, 1.2, 1.9]
d = [3.0, 7.5, 11.5]
w, eta = 0.0, 0.1
for i in range(10):
    g = sum(2*h[k]*(w*h[k] - d[k]) for k in range(3)) / 3
    w = w - eta*g
    L = sum((w*h[k] - d[k])**2 for k in range(3)) / 3
    print(i+1, round(w, 3), round(L, 3))
```

`w` வரிசையாக 2.157, 3.551, 4.453, 5.036 என்று ஏறி, பத்தாவது படியில் 6.026 க்கு வரும். இழப்பு 0.025 ஆகும்.

“படித்திறனைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் விடை ஒரே வரியில் வந்துவிடுமே, ஏன் படிப்படியாக இறங்க வேண்டும்?”

இந்த உதாரணத்தில் வந்துவிடும். 21.567 ஐ 3.533 ஆல் வகுத்தால் 6.104, அதுவே சரியான விடை, அப்போது இழப்பு 0.014 மட்டுமே. வளிமண்டலத்துக்கு நியமமாக எடுத்துக்கொள்ளப்படும் கிலோமீற்றருக்கு 6.5 பாகை என்ற குறைவுக்கு இது அருகில் இருப்பதும் மனநிறைவு தருகிறது.

ஆனால் ஒரு நரம்பியல் வலையமைப்பில் இலட்சக்கணக்கான தெரியாக் கணியங்கள் நேர்கோட்டில் அமையாத சார்புகளுக்குள் பின்னிக் கிடக்கும். அங்கே படித்திறனைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தும் சமன்பாடுகளை எழுதலாமே தவிரத் தீர்க்க முடியாது. எனினும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் படித்திறன் என்ன என்பதை அங்கும் கணக்கிட முடியும். அதனால்தான் படிப்படியாக இறங்கும் முறை நிலைத்திருக்கிறது. விடை முன்கூட்டியே தெரிந்த சிறிய உதாரணத்தை நான் வேண்டுமென்றே எடுத்தேன். முறை எங்கே சரியாகப் போகிறது, எங்கே தடம் புரள்கிறது என்பதை அப்போதுதான் எண்ணாகப் பார்க்கலாம்.

“0.1 நன்றாக வேலை செய்கிறது. வேகமாக முடியட்டும் என்று 0.6 வைத்தால் இழப்பு ஏன் கூடுகிறது?”

அடிப்புள்ளியிலிருந்து நாம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்று பார்த்தால் காரணம் வெளிப்படும். அந்தத் தூரத்தை விலகல் என்போம். தொடக்கத்தில் விலகல் 6.104. படித்திறன் எப்போதும் விலகலின் 3.533 மடங்கு என்பதால், ஒவ்வொரு படியிலும் விலகல் பின்வரும் எண்ணால் பெருக்கப்படுகிறது:

```
1 - 3.533 * eta
```

கற்றல் வீதம் 0.1 என்றால் இந்தப் பெருக்கி 0.647. ஒவ்வொரு படியிலும் விலகலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான அளவு கழிகிறது. 0.01 என்றால் பெருக்கி 0.965; பத்துப் படிகள் கழிந்தும் `w` 1.84 இலேயே நிற்கும், நூறு படிகள் போனபின்தான் 5.94 ஐத் தொடும். திசையில் தவறில்லை, வேகம்தான் போதவில்லை.

0.283 என்று வைத்தால் பெருக்கி ஏறத்தாழப் பூச்சியம், ஒரே படியில் அடிப்புள்ளிக்கு வந்துவிடுவோம். 3.533 இன் தலைகீழ் அந்த எண். அதற்கு மேலே போனால் பெருக்கி மறை எண்ணாகிறது, அதாவது ஒவ்வொரு படியும் அடிப்புள்ளியைத் தாண்டி மறுபக்கத்தில் போய் விழுகிறது. 0.5 இல் பெருக்கி −0.767. `w` முதலில் 10.78 க்குத் தாவி, அடுத்து 2.52 க்குத் திரும்பி, பின்னர் 8.86, 4.00 என்று இருபக்கமும் ஆடும். ஆனாலும் ஒவ்வொரு தாவலும் முந்தியதைவிடச் சிறியது என்பதால் கடைசியில் அடங்கிவிடும்.

0.6 இல் பெருக்கி −1.12. இப்போது ஒவ்வொரு தாவலும் முந்தியதைவிட 12 சதவீதம் பெரியது. `w` 12.94 க்குப் போய், −1.55 க்குத் திரும்பி, 14.68 க்குத் தாவும். இழப்பு 65.83 இலிருந்து 82.58, 103.58, 129.93 என்று ஏறிக்கொண்டே போகும். எத்தனை படிகள் ஓடவிட்டாலும் இது திருந்தாது, ஓட ஓட மோசமாகும்.

அடங்குவதற்கும் வெடிப்பதற்கும் இடையிலுள்ள எல்லை, பெருக்கி −1 ஆகும் இடம். அது 2 ஐ 3.533 ஆல் வகுத்து வரும் 0.566. இழப்பு வளையி எவ்வளவு கூர்மையாக வளைகிறது என்பதை அளக்கும் எண்தான் அந்த 3.533, வளைவு என்று அதைச் சொல்லலாம். ஆகக் கூடிய கற்றல் வீதம் என்பது இரண்டை வளைவால் வகுத்து வருவது. கூரிய பள்ளத்துக்குச் சிறிய வீதமும், அகன்ற பள்ளத்துக்குப் பெரிய வீதமும் பொருந்துவதன் காரணம் இதுவே. ‘நல்ல கற்றல் வீதம் எது’ என்ற கேள்விக்குத் தரவைப் பார்க்காமல் யாரும் விடை சொல்ல முடியாது என்பதும் இதிலிருந்தே வருகிறது.

“மூடுபனியில் மலையிறங்குவதைப் போன்றது என்று எல்லோரும் விளக்குகிறார்களே, அது சரிதானா?”

பாதி சரி. தேயிலை மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் அடுத்த வரிசை கூடத் தெரியாது. காலடியில் நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கலாம். படித்திறன் தருவதும் அந்த அளவு தகவலையே, ஆகவே திசையைப் பொறுத்தவரை உவமை பொருந்துகிறது.

தூரத்தைப் பொறுத்தவரை அது பிழையான எண்ணத்தைத் தந்துவிடுகிறது. இறங்குபவர் சரிவு செங்குத்தாக இருக்கும் இடத்தில் எட்டைக் குறைத்து, சமதரையில் எட்டி நடப்பார். கிரேடியன்ட் டிசென்ட் அதற்கு நேர்மாறானது. சரிவு கூடக் கூட அதன் படியும் நீளும், ஏனெனில் படித்திறனே படியின் நீளத்துக்குள் பெருக்கப்படுகிறது. மேலும் இறங்குபவர் இடையிலுள்ள நிலம் முழுவதையும் மிதித்துத்தான் கடக்கிறார். கணினி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நேரே பாய்கிறது. நடுவில் பள்ளம் இருந்ததா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. 0.6 இல் நடந்தது அதுதான். மலையிறங்கும் எவரும் ஒரே எட்டில் எதிர்மலையில் போய் நிற்பதில்லை என்பதால், வெடித்துச் சிதறும் நிலையை இந்த உவமையால் விளக்கவே முடியாது.

“சேர், அதே கோடில் உயரத்தை 500, 1200, 1900 என்று மீற்றரில் கொடுத்தேன். இப்போது 0.1 கூட வேலை செய்யவில்லை, nan வருகிறது. என்ன பிழை?”

கோடில் பிழையில்லை. அலகு மாறியதால் வளைவு மாறிவிட்டது. உயரங்கள் ஆயிரம் மடங்காகப் பெருகியிருக்கின்றன. வளைவில் அவற்றின் வர்க்கங்கள் வருவதால் அது பத்து இலட்சம் மடங்காகிவிட்டது. 3.533 இருந்த இடத்தில் இப்போது ஏறத்தாழ 35 இலட்சத்து 33 ஆயிரம் இருக்கிறது. ஆகக் கூடிய கற்றல் வீதமும் 0.566 இலிருந்து 0.000000566 ஆகச் சுருங்கிவிட்டது. நீங்கள் கொடுத்த 0.1 அந்த எல்லையைவிட ஒரு இலட்சத்து எழுபதாயிரம் மடங்குக்கும் பெரியது.

முதல் படியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மீற்றருக்கு எத்தனை பாகை என்று கேட்பதால் சரியான விடை 0.0061. படித்திறன் −21567, அதை 0.1 ஆல் பெருக்கினால் `w` ஒரே தாவலில் 2157 க்குப் போய்விடுகிறது. நுவரெலியாவில் வெப்பநிலை நாற்பது இலட்சம் பாகை குறையும் என்று மாதிரி சொல்லும் நிலை அது. அங்கிருந்து ஒவ்வொரு படியிலும் விலகல் மூன்றரை இலட்சம் மடங்காகிறது. சுமார் முப்பது படிகளுக்குள் இழப்பு, 64 பிட் எண்ணில் அடங்கும் ஆகப் பெரிய அளவான 1.8 × 10³⁰⁸ ஐத் தாண்டிவிடும். திரையில் `inf` என்று காட்டும், அல்லது பைதன் நேரடியாக `OverflowError` என்று நின்றுவிடும். இழப்பை அச்சிடாமலோ, NumPy வரிசைகளைக் கொண்டோ தொடர்ந்து ஓடவிட்டால், பின்னர் `w` உம் முடிவிலியாகி, முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழிக்க வேண்டிய கட்டம் வரும்போது `nan` தோன்றும். எனவே `nan` ஐக் கண்டால் அந்தப் படியை மட்டும் ஆராய்வதில் பயனில்லை. முதல் நான்கைந்து படிகளின் இழப்பை அச்சிட்டுப் பாருங்கள், நோய் அங்கேயே தெரியும்.

கற்றல் வீதத்தை 0.0000001 ஆக்கினாலும் இந்தக் கோடு ஓடும். ஆனால் உயரத்தைக் கிலோமீற்றருக்கு மாற்றுவதே நான் பரிந்துரைக்கும் வழி. அதற்கான முக்கிய காரணம் அடுத்த கேள்வியில் வருகிறது.

“கடல் மட்ட வெப்பநிலையையும் தெரியாக் கணியமாக வைத்தால் என்ன ஆகும்?”

27.5 ஐ நாமே கொடுக்காமல், வெட்டுத்துண்டு `b` ஆக வைத்து `T = b + w × h` என்று பொருத்துவோம். இப்போது இழப்பு இரண்டு திசைகளில் வளையும் ஒரு கிண்ண வடிவம். ஒரு திசையில் அது கூர்மையாகவும் இன்னொரு திசையில் தட்டையாகவும் வளைகிறது. கிலோமீற்றரில் கணக்கிட்டால் கூரிய திசையின் வளைவு 5.29, தட்டையான திசையின் வளைவு 0.247; இரண்டுக்கும் இடையில் 21 மடங்கு வித்தியாசம்.

ஒரே கற்றல் வீதம் இரண்டு திசைகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டியிருப்பதுதான் இங்குள்ள இடர்ப்பாடு. கூரிய திசை வெடிக்காமலிருக்க வீதம் 0.378 க்குக் கீழே இருக்க வேண்டும். 0.3 என்று எடுத்தால் கூரிய திசையில் விலகல் விரைவாக அடங்கும், ஆனால் தட்டையான திசையில் ஒவ்வொரு படிக்கும் ஏழு சதவீதம் அளவே கழியும். அந்தத் திசையின் விலகல் நூறில் ஒரு பங்காகக் குறைய ஏறத்தாழ அறுபது படிகள் வேண்டும். இது பொறுத்துக்கொள்ளக்கூடியது.

மீற்றரில் கணக்கிட்டால் நிலைமை வேறு. கூரிய திசையின் வளைவு 35 இலட்சத்துக்கும் மேல், தட்டையான திசையினது 0.37. வெடிப்பின் விளிம்புவரை வீதத்தை உயர்த்தினாலும், தட்டையான திசையில் விலகலை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கவே கிட்டத்தட்ட 52 இலட்சம் படிகள் வேண்டும். வீதத்தைக் கூட்டினால் வெடிக்கும், குறைத்தால் நகராது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் சரிவராத இந்த நிலையில் பிழை கற்றல் வீதத்தில் இல்லை, உள்ளீட்டின் அளவுத்திட்டத்தில் இருக்கிறது.

பரிகாரம் இலகுவானது. ஒவ்வொரு உயரத்திலிருந்தும் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்துவிடுங்கள். நம் மூன்று உயரங்களின் இடை 1.2, நியம விலகல் 0.5715. மாற்றிய பின் கண்டி −1.22, பண்டாரவளை 0, நுவரெலியா 1.22. இப்போது இரண்டு திசைகளிலும் வளைவு சரியாக 2. கற்றல் வீதம் 0.5 என்று வைத்தால் எங்கிருந்து தொடங்கினாலும் ஒரே படியில் விடை: `b = 20.17`, `w = −3.47`. இந்த −3.47 ஐ 0.5715 ஆல் வகுத்துப் பழைய அலகுக்குத் திருப்பினால் கிலோமீற்றருக்கு 6.07 பாகை குறைவும், கடல் மட்டத்தில் 27.45 பாகையும் கிடைக்கின்றன. மீற்றரில் தொடங்கியிருந்தாலும் இதே எண்களே வந்திருக்கும், ஏனெனில் நியம விலகலால் வகுக்கும்போது அலகு மறைந்துவிடுகிறது. பின்னர் ஹட்டனின் உயரத்தைக் கொடுத்து அங்குள்ள வெப்பநிலையைக் கணிக்க விரும்பினால், அதே 1.2 ஐயும் அதே 0.5715 ஐயும் கொண்டே மாற்ற வேண்டும். புதிய தரவுக்குப் புதிதாக இடையைக் கணக்கிட்டால் கணிப்பு முழுவதும் பிழைத்துவிடும்.

“சரியான வீதம் வைத்திருக்கிறேனா என்பதை இழப்பு வரைபைப் பார்த்துச் சொல்ல முடியுமா?”

பெரும்பாலும் முடியும். இழப்பு படிக்குப் படி ஏறினாலோ `inf` ஆனாலோ வீதம் அதிகம், அதில் ஐயமில்லை. வேகமாக இறங்கிப் பின் தட்டையாகும் வரைபு நல்லது. நம் 0.5 உதாரணத்தில் `w` இருபக்கமும் ஆடினாலும் இழப்பு ஒழுங்காகவே இறங்கும், ஆகவே ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் `w` ஐயும் அச்சிட வேண்டும்.

ஏமாற்றக்கூடியது, வீதம் மிகக் குறைவாக இருக்கும் வரைபுதான். 0.0001 இல் நூறு படிகள் ஓட்டினால் இழப்பு 65.8 இலிருந்து 61.3 க்கு மட்டுமே இறங்கும். வரைபில் அது ஏறத்தாழக் கிடைக்கோடாகத் தெரியும். அதைக் கண்டு ‘மாதிரி கற்று முடித்துவிட்டது’ என்றோ ‘தரவு போதவில்லை’ என்றோ பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள். மாணவர்களின் செயற்றிட்டங்களில் நான் திரும்பத் திரும்பக் காணும் பிழை இது. சோதிக்கும் வழி ஒன்றுண்டு. வீதத்தைப் பத்து மடங்காக்கி மறுபடியும் ஓட்டுங்கள். இழப்பு விரைவாக இறங்கத் தொடங்கினால் மாதிரி கற்று முடிக்கவில்லை, மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது என்று தெரிந்துவிடும்.

வீதத்தைத் தேடும்போது 0.1, 0.2, 0.3 என்று கூட்டிப் போகாதீர்கள். 0.0001, 0.001, 0.01, 0.1 என்று பெருக்கிப் போங்கள். வெடிக்கும் இடத்தைக் கண்டதும் அதற்கு முந்திய பெறுமானத்துக்குத் திரும்பி, அதன் அக்கம்பக்கத்தில் மூன்று மடங்கு வித்தியாசத்தில் இரண்டொன்றைப் பாருங்கள். எல்லை எங்கே இருக்கும் என்பது முன்கூட்டித் தெரியாதபோது, எத்தனையாவது தசமதானம் என்பதையே முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

“ஒவ்வொரு படியிலும் முழுத் தரவையும் எடுக்காமல் ஒரு தரவை மட்டும் எடுத்தால் இழப்பு ஏன் அடங்காமல் ஆடுகிறது?”

மூன்று ஊர்களும் ஒரே விடையைச் சொல்லவில்லை. கண்டியை மட்டும் கேட்டால் கிலோமீற்றருக்கு 6.00 பாகை, பண்டாரவளை 6.25, நுவரெலியா 6.05 என்று சொல்லும். ஒவ்வொரு படியிலும் ஓர் ஊரை எடுத்தால் `w` அந்தந்த ஊரின் பக்கம் இழுபடும். 6.104 இல் சரியாக நின்றாலும் அடுத்த ஊர் அதை நகர்த்திவிடும். கற்றல் வீதத்தை மாற்றாமல் வைத்திருக்கும்வரை இந்த ஆட்டம் தொடரும். அதன் அகலத்தை வீதமே தீர்மானிக்கிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. மூன்று ஊர்களையும் சேர்த்து எடுத்தபோது 0.283 மிகச் சிறந்த வீதமாக இருந்தது. நுவரெலியாவை மட்டும் எடுத்தால் அதன் வளைவு 7.22, ஆகவே அதற்கான எல்லை 0.277. அதே 0.283 இப்போது எல்லையைத் தாண்டிவிட்டது. கண்டியும் பண்டாரவளையும் இடையிடையே வந்து அடக்குவதால் மொத்தத்தில் வெடிக்காது, ஆனால் நுவரெலியா வரும் ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய உதறல் ஏற்படும். ஒரு படிக்கு எடுக்கும் தரவுத் தொகுதியின் அளவைக் குறைக்கும்போது வீதத்தையும் குறைக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ஆட்டத்தை அடக்குவதற்குப் போகப் போக வீதத்தைக் குறைப்பது வழக்கம். 1951 இல் ரொபின்ஸ், மொன்றோ ஆகியோர் இதற்கான நிபந்தனைகளை எழுதினார்கள். வீதங்களை எல்லாம் கூட்டினால் முடிவிலிக்குப் போக வேண்டும், அப்போதுதான் எவ்வளவு தூரத்திலிருந்தும் விடையை எட்ட முடியும். அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் முடிவுள்ள எண் வர வேண்டும், அப்போதுதான் ஆட்டம் ஓயும். முதல் படியில் 1, இரண்டாவதில் 1/2, மூன்றாவதில் 1/3 என்று குறைவது இரண்டு நிபந்தனைகளையும் நிறைவேற்றும். ஒவ்வொரு படியிலும் பாதியாக்குவது முதல் நிபந்தனையில் தவறிவிடுகிறது, ஏனெனில் அப்போது நாம் போகக்கூடிய மொத்தத் தூரத்துக்கே ஓர் எல்லை வந்துவிடும். வீதத்தை அவசரப்பட்டுக் குறைத்தவர்களின் மாதிரி பாதி வழியில் நின்றுவிடுவதன் காரணம் அது.

“நரம்பியல் வலையமைப்பிலும் ஆகக் குறைந்த இழப்பைத்தான் இது கண்டுபிடிக்கிறதா?”

அந்த உத்தரவாதம் இல்லை. நம் பரவளைவுக்கு ஒரே ஓர் அடிப்புள்ளி இருந்தது, அதனால் எங்கே தொடங்கினாலும் அங்கேயே போய்ச் சேர்ந்தோம். நரம்பியல் வலையமைப்பின் இழப்புப் பரப்பில் பல பள்ளங்களும், ஒரு திசையில் இறங்கி இன்னொரு திசையில் ஏறும் இடங்களும் உண்டு. படித்திறன் பூச்சியத்தை நெருங்கும் எந்த இடத்திலும் முறை தயங்கி நிற்கலாம். கிடைப்பது பயன்படக்கூடிய அளவுக்குத் தாழ்ந்த ஓர் இடம், அவ்வளவே.

வளைவும் அங்கே இடத்துக்கு இடம் மாறும் என்பதால் ‘இரண்டை வளைவால் வகு’ என்ற எல்லை நிலையான எண்ணாக இருக்காது. ஆனால் அது பொருளிழந்துவிடுவதுமில்லை. முழுத் தரவையும் எடுத்து, மாறாத வீதத்தில் வலையமைப்புகளைப் பயிற்றுவித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2021 இல் வெளியானது. பயிற்சி போகப் போக ஆகக் கூடிய வளைவு படிப்படியாக ஏறி, இரண்டைக் கற்றல் வீதத்தால் வகுத்து வரும் எண்ணை எட்டியதும் அதற்குச் சற்று மேலேயே தங்கிவிடுகிறது என்று அது காட்டியது. அந்த விளிம்பில் இழப்பு ஒரு படியில் ஏறி மறுபடியில் இறங்கினாலும், நெடுநேரப் போக்கில் குறைந்துகொண்டே வருகிறது. நாம் தெரிவு செய்யும் வீதம், பரப்பின் எந்தப் பகுதியில் மாதிரி போய் நிற்கும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் இன்னும் ஆழமாகப் படிக்க விரும்பும் மாணவர் முதலில் கையில் எடுக்க வேண்டிய விடயம் இது.

“ஆடம் என்ற முறையைப் பயன்படுத்தினால் வீதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்கிறார்களே?”

கவலை குறையும், தீராது. 2014 இல் முன்வைக்கப்பட்ட ஆடம், ஒவ்வொரு தெரியாக் கணியத்துக்கும் அண்மைக்காலப் படித்திறன்களின் வர்க்கச் சராசரியைக் கணக்கு வைத்து, அதன் வர்க்கமூலத்தால் படியை வகுக்கிறது. மீற்றரில் கொடுத்த உயரத்தின் படித்திறன் ஆயிரம் மடங்கு பெரிதாக இருந்தாலும், வகுத்தபின் படியின் நீளம் கற்றல் வீதத்தின் அளவிலேயே இருக்கும். ஆகவே முன்பு கண்டதுபோல் முதல் படியிலேயே 2157 க்குத் தாவாது.

ஆனால் படியின் நீளம் வீதத்தின் அளவிலேயே இருப்பதில் வேறொரு விளைவும் அடங்கியிருக்கிறது. ஆடத்துக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் 0.001 ஐ நம் கிலோமீற்றர் உதாரணத்துக்குக் கொடுத்தால், `w` ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ 0.001 அளவே நகரும். 6.1 ஐ எட்ட ஆறாயிரம் படிகளுக்கு மேல் வேண்டும், சாதாரண கிரேடியன்ட் டிசென்ட் 0.1 இல் பத்துப் படிகளில் கிட்டத்தட்ட முடித்த வேலைக்கு. மீற்றரில் கொடுத்தாலோ விடை 0.0061 என்பதால், அதே 0.001 சில படிகளில் விடையருகே கொண்டுவந்து, அதைத் தாண்டிச் சற்று ஆடும். விடை எந்த அளவில் இருக்கும் என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ற வீதத்தைக் கொடுக்க வேண்டிய தேவை ஆடத்திலும் இருக்கிறது.